'அன்' என்றால் அண்ணன் மட்டும் இல்லை

"வியட்நாமில் காதலர்கள் அண்ணன், தங்கச்சி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்களாம்" என்று யாராவது எழுதினால் கீழே சிரிப்புக் குறிகளாக வந்து குவியும். சிரிப்பதில் தப்பில்லை. நம்மூரில் ஒரு பெண் வாயிலிருந்து 'அண்ணா' வந்துவிட்டால் கதை முடிந்தது என்று பொருள். அத்தான், மாமா, மச்சான் எல்லாம் கட்டிக்கொள்ளும் முறைக்கான சொற்கள், அண்ணன் தங்கை அதற்கு வெளியே என்று தமிழ் கோடு போட்டு வைத்திருக்கிறது. வியட்நாம் மொழி கோட்டை அந்த இடத்தில் போடவில்லை, அவ்வளவுதான்.

அங்கே 'நான்', 'நீ' என்று எல்லோரிடமும் பொதுவாகப் புழங்கும் சொற்கள் கிட்டத்தட்ட இல்லை. பேசும்போது உறவுச் சொல்தான் அந்த வேலையைச் செய்கிறது. பழம் விற்கும் பாட்டியிடம் பேசினால் அவர் 'பாட்டி', நீங்கள் 'பேரப்பிள்ளை'. உங்களைவிடச் சற்று மூத்த ஆண் 'அன்', அதாவது அண்ணன். (இது சைகோன் உச்சரிப்பு. ஹனோயில் 'அய்ங்' என்பது போல ஒலிக்கும்.) இளையவர் 'எம்'. இந்த 'எம்' தங்கையும் இல்லை, தம்பியும் இல்லை. இளைய உடன்பிறப்பு, ஆண் பெண் இருவருக்கும் பொது. ஆசிரியருக்கு மாணவன் 'எம்', உணவகத்தில் பரிமாறும் இளைஞனும் 'எம்'. ஆகவே அந்தச் சொல்லில் தனியாகக் காதல் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

பிறகு எங்கே இருக்கிறது? என் கருத்தில், தன்னைச் சொல்லும் இடத்தில். காதலன் தன்னையே 'அன்' என்கிறான். "அன் இயெவ் எம்" என்பதுதான் அங்கே காதல் வாக்கியம். அதே மூன்று சொற்களைத் திருப்பிப்போட்டு "எம் இயெவ் அன்" என்றால் அவள் பதில். வினை மாறவில்லை, இடம் மட்டும் மாறியது. காதலில் 'நான்' என்று தனித்து நிற்க அங்கே இடமே இல்லை. அவள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அவன் யாரோ, அந்தப் பெயரில்தான் அவன் தன்னைச் சொல்லிக்கொள்ள முடியும். இந்தப் பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒருவரை எப்படிக் கூப்பிடுவது என்று மட்டும் கேட்கிறார்கள். வியட்நாம் மொழியில் இதற்கான சொல்லே 'சுங் ஹோ': தன்னைச் சொல்வதும் பிறரை அழைப்பதும் சேர்ந்த ஒரே சொல்.

சைகோனில் ஒரே வகுப்பில் படித்த இருவரை வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே வயது. நண்பர்களாக இருக்கும்வரை எதிரில் இருப்பவரை 'பான்' (நண்பர்), தன்னை 'மின்' என்று சமமாகப் பேசியிருப்பார்கள். வயது ஒன்றாக இருக்கும்போது அவள் அவனிடம் தன்னை 'எம்' என்று சொல்ல வேறு காரணமே கிடையாது. அதனால் அவள் ஒருநாள் அப்படிச் சொல்லிவிட்டால் அதுவே பதில். அதற்கு முன்னால் ஒரு தடுமாறும் காலம் இருக்கும். பழைய சொல் பொருந்தாது, புதிய சொல்லுக்குத் துணிவு வராது. அப்போது எழுவாயையே விழுங்கிவிடுவார்கள்: "சாப்பிட்டாச்சா?", "வீட்டுக்கு வந்தாச்சா?" நீயா நீங்களா என்று முடிவாகாத இடத்தில் தமிழும் இதையேதான் செய்கிறது. குறுஞ்செய்திகளில் திடீரென்று எழுவாய் காணாமல் போனால் அங்கே ஏதோ நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

அவள் இரண்டு வயது மூத்தவள் என்றால் சிக்கல் கூடும். இதுவரை அவள் அக்கா, அவன் 'எம்'. காதலானதும் பெரும்பாலும் எல்லாம் தலைகீழாகும். இளையவன் 'அன்' ஆவான், மூத்தவள் 'எம்' ஆவாள். வயதுக் கணக்கு இங்கே தோற்று, ஆண் மூத்தவன் என்ற பழைய ஏற்பாடு ஜெயிக்கிறது. இது மென்மை மட்டும்தான் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. படிநிலையும் மென்மையும் ஒரே சொல்லில்தான் குடியிருக்கின்றன.

சண்டை வந்தால்? கத்தவே வேண்டாம். அவள் 'எம்' என்பதை விட்டு 'தோய்' என்றால் போதும். தோய் என்பது யாரோடும் உறவு சேர்க்காத 'நான்'. "தோய்க்குக் களைப்பாக இருக்கிறது" என்று மனைவி சொன்னால் கணவனுக்கு வயிற்றைக் கலக்கும். அவனை இன்னும் 'அன்' என்றே அழைத்தாலும் அவள் தன் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். சொற்புத்தகம் பார்த்துப் படித்த வெளிநாட்டுக் காதலன் "தோய் இயெவ் எம்" என்று உருகும்போது அந்தப் பெண் நெளிவதும் இதனால்தான். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை, உள்ளே வராமல் வாசலில் நின்று சொல்கிறான். ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் 1829 ஆம் ஆண்டுக் காதல் கவிதையை மொழிபெயர்த்த துய் துவான் இதே வாக்கியத்தைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தார். ரஷ்ய மூலத்தில் காதலன் தன் காதலியை மரியாதைப் பன்மையில் விளிக்கிறான், காதலோ கைகூடாத காதல். 'அன்' என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் உரிமை அவனுக்கு இல்லை. அங்கே பள்ளிப் பாடத்தில் அதைப் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

இப்போது அந்த ஜோடி ஹூஸ்டனில் குடியேறி, வீட்டிலும் பாதி நேரம் ஆங்கிலம் பேசுகிறார்கள் என்று வையுங்கள். 'ஐ', 'யூ' இரண்டும் வந்ததும் எல்லாம் தட்டையாகிவிடும். 'பிரதர்', 'சிஸ்டர்' என்று பெயர்த்தால் நம்மூர்ச் சிரிப்பே அங்கும் கிடைக்கும். 'ஹனி' போட்டால் அது வேறு மாதிரி கெடும். ஹனி என்பது வாக்கியத்தின் மேல் தடவுகிற இனிப்பு. அன், எம் இரண்டும் வாக்கியத்தின் எலும்பு, ஒவ்வொரு வரியிலும் வரும். வந்த இடத்திலெல்லாம் ஹனி என்று மொழிபெயர்த்த படத்தின் வசனங்களைப் படித்தால் திகட்டிவிடும்.

பெயர்க்காமல் அப்படியே கொண்டுபோவதுதான் வழி. அதற்கு இரண்டு சொற்களும் வசதியானவை. எழுத்தில் குறிகள் இல்லை, ஆங்கில விசைப்பலகையிலேயே தட்டலாம். இரண்டுக்கும் சமதள ஒலி, ஆங்கில வாக்கியத்தின் ஏற்ற இறக்கத்தில் விழுந்தாலும் வேறு சொல்லாகத் திரியாது. ஆனால் விளிக்கும்போது மட்டும் போட்டால் பாதிதான் வந்து சேரும்; "அன் வில் குக் டுநைட்" என்று தன்னையும் அதிலேயே சொல்ல வேண்டும். உடனே இலக்கணம் இடிக்கும்: 'அன் ஆம்' என்பதா, 'அன் இஸ்' என்பதா? 'இஸ்' இயல்பாக வரும், ஆனால் குழந்தையிடம் "மம்மி இஸ் டயர்ட்" என்பது போல ஆங்கிலக் காதில் ஒலிக்கும். 'வில்' சேர்த்தாலோ இறந்த காலத்தில் சொன்னாலோ இந்தத் தொல்லை இல்லை. இன்னொரு பொறி குறுஞ்செய்தியில் இருக்கிறது. "பிக் எம் அப் அட் சிக்ஸ்" என்று எழுதினால், 'தெம்' என்பதைச் சுருக்கி எழுதியதாக ஆங்கிலக்காரர் படிப்பார். யாரை அழைத்துவர வேண்டும் என்று கேட்பார். வெளியாரிடம் "மை அன்" என்று அறிமுகப்படுத்தவும் கூடாது. வியட்நாம் காதில் அது "என் சொந்த அண்ணன்" என்றே விழும். அங்கே 'ஹஸ்பெண்ட்' போதும்.

(அந்த மொழியில் ஆங்கிலத்துக்குப் பெயர் 'தியெங் அன்'. சீன வழி வந்த வேறு 'அன்' அது, அண்ணனோடு சம்பந்தமில்லை.)

ஆங்கிலச் சண்டையில்தான் எனக்குக் கவலை. 'தோய்' என்ற எச்சரிக்கை மணி ஆங்கிலத்தில் அடிப்பதில்லை, கோபத்திலும் 'ஐ', கொஞ்சலிலும் 'ஐ'. எவ்வளவு தூரம் விலகினோம் என்று இருவருக்குமே தெரியாது. திரும்பி வரும் வழியும் அப்படித்தான். வியட்நாம் மொழியில் "எம் சின் லோய்" என்றால் மன்னிப்பு முதல் சொல்லிலேயே முடிந்துவிடுகிறது, மீதி இரண்டு சொற்கள் சும்மா கூட வருகின்றன. ஆங்கிலத்தில் ஆயிரம் முறை 'ஐ ஆம் சாரி' சொன்னாலும் அந்த முதல் சொல் வராது. வீட்டுக்குள் யார் கேட்கப் போகிறார்கள், "எம் இஸ் சாரி" என்றே சொல்லலாம்.