சார்பு விகிதத்துக்குள் என்ன இருக்கிறது?

"குழந்தை குறைந்தால் செலவு குறையும், சேமிப்பு கூடும். அப்புறம் தென்கொரியா ஏன் பயப்படுகிறது?" – ஒரு வாசகரின் கேள்வி.

அந்தக் கணக்கு ஒரு தலைமுறைக்குத்தான் சரி. 1970-ல் அங்கே வேலை செய்யும் வயதினர் (15–64) 100 பேருக்குச் சார்ந்திருப்போர் சுமார் 84 பேர், பெரும்பாலும் குழந்தைகள். பிறப்பு குறைய, 2015 வாக்கில் இந்தச் சார்பு விகிதம் 37 அளவுக்கு இறங்கியது. ஐந்து பிள்ளைகளுக்குச் சோறும் ஃபீஸும் கொடுத்த சம்பளம் இரண்டு பிள்ளைகளுக்குச் செலவானால் மீதி வங்கிக்குப் போகும். அங்கிருந்து ஆலைகளுக்குக் கடனாகப் போகும். ஆலைகள் வேலை கொடுத்ததால்தான் இது பலித்தது. வேலை இல்லாவிட்டால் 25 வயது இளைஞனும் அப்பா சம்பளத்தில்தான் சாப்பிடுவான், விகிதம் மட்டும் அழகாக இருக்கும்.

இப்போது அதே விகிதம் ஏறுகிறது, ஆனால் மறுமுனையிலிருந்து. 2023-ல் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள், 0.72. 2024 இறுதியில் 65 வயதைத் தாண்டியவர்கள் மக்கள்தொகையில் 20 சதவீதம். குழந்தை பதினைந்து இருபது வருடத்தில் சம்பாதிக்க வந்துவிடும். ஓய்வு பெற்றவரோ சேர்த்ததை எடுத்துச் செலவழிக்கிறார், மருத்துவச் செலவும் கூடுகிறது. ஓய்வூதிய நிதிக்குச் சந்தா கட்ட இளைஞர்களும் குறைவு.

ஒரு திருத்தம்: முதுமைக்குப் பயந்து ஐம்பதுகளில் இருப்பவர்கள் கூடுதலாகச் சேமிப்பதும் உண்டு. அதனால் சேமிப்பு உடனே சரியாது, சரிவு தாமதமாகத்தான் கண்ணில் படும்.