ரப்பர் தோட்டத்துக் கணக்கில் எஞ்சி நின்ற 26 சதவீதம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்தில் என் சித்தப்பாவுக்கு இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலாக ரப்பர் தோட்டம் இருக்கிறது. பால் வெட்டும் மரங்கள் 400. வெட்டுபவர் எங்கள் குடும்பத்தோடு நெடுநாள் பழக்கமுள்ள ஓர் அண்ணன். ஷீட் விற்று வரும் பணத்தில் பாதி அவருக்கு, பாதி சித்தப்பாவுக்கு என்பது அவர்களுக்குள் உள்ள ஏற்பாடு. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆண்டுக்கு 1,500 கிலோ ஷீட் கிடைத்த அதே தோட்டத்தில் சென்ற ஆண்டு 1,890 கிலோ கிடைத்தது. இந்தக் கூடுதல் யாரால் வந்தது என்பதில் இருவருக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டது. மரங்களுக்கு மழைக்கவசம் போட்டதும் புதிய ரோலர் வாங்கியதும் தன் செலவு என்பதால் பங்கை மாற்ற வேண்டும் என்றார் சித்தப்பா. மழை நாளிலும் விடியுமுன் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கியது தான்தான் என்றார் அண்ணன். நான் கல்லூரியில் பொருளியல் நடத்துகிறவன் என்பதால், "நீ கணக்குப் பார்த்துச் சொல்" என்று நோட்டு என் கைக்கு வந்தது.

ஒரு நாட்டின் வளர்ச்சியைப் பகுத்துப் பார்க்கப் பொருளியலில் பயன்படும் கணக்கீட்டையே எடுத்துக்கொண்டேன். அதன் வடிவம் எளியது:

g(Y) = g(A) + a·g(K) + (1−a)·g(L)

இதில் Y உற்பத்தி, K மூலதனம், L உழைப்பு. g என்பது வளர்ச்சி விகிதம். a என்பது வருமானத்தில் மூலதனத்துக்குப் போகும் பங்கு. இவை எல்லாவற்றையும் ஏதோ ஒரு வகையில் அளந்துவிடலாம். A-யை மட்டும் எவரும் அளப்பதில்லை. மற்றவற்றைக் கழித்தபின் எஞ்சுவதற்கு அந்தப் பெயரை வைக்கிறோம். உற்பத்தித்திறன் என்றும் தொழில்நுட்ப முன்னேற்றம் என்றும் அதை அழைப்பது நாம் கொடுக்கும் விளக்கமே தவிர, அளந்து கண்ட உண்மை அல்ல.

முதல் முறை நான் போட்ட கணக்கு தவறானது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரிய கணக்குகளிலும் நடப்பது இதே தவறுதான். மரம் அன்றும் 400, இன்றும் 400. ஆகவே மூலதன வளர்ச்சி பூஜ்யம் என்று எழுதினேன். ரோலர் பாலை ஷீட்டாக அடிக்கும் வேலையை இலகுவாக்குமே தவிர மரத்திலிருந்து கூடுதல் பாலைக் கொண்டுவராது என்பதால் அதை விட்டுவிட்டேன். வெட்டுபவர் அன்றும் ஒருவர், இன்றும் ஒருவர், எனவே உழைப்பின் வளர்ச்சியும் பூஜ்யம். உற்பத்தி உயர்வு 26 சதவீதம், எச்சமும் 26 சதவீதம். வளர்ச்சி முழுவதும் 'உற்பத்தித்திறன்' என்று கணக்கு சொல்லியது. அதைப் பார்த்ததும் சித்தப்பா மகிழ்ந்தார், தோட்டத்தில் புதிய முறையைக் கொண்டுவந்தவர் அவர் அல்லவா.

நோட்டின் பின்பக்கத்தில் அண்ணன் தன் கையெழுத்தில் வெட்டிய நாள்களைக் குறித்து வைத்திருந்ததை அதன் பிறகுதான் பார்த்தேன். பழைய ஆண்டில் 110 நாள், சென்ற ஆண்டில் 132 நாள். நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இடையே இலையுதிர் காலத்தில் வெட்டை நிறுத்தவும் வேண்டும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டின் வழியே சிரட்டைக்கு வராமல் மரத்தில் வழிந்து மழைநீரோடு போய்விடும் என்பதால், கவசம் இல்லாத தோட்டத்தில் மழைக்காலத்து நாள்களில் பெரும்பகுதி வீணாகும். வெட்டுக்கோட்டுக்கு மேலே பிளாஸ்டிக்கைச் சுற்றிக் கட்டி இடைவெளியைப் பசையால் அடைத்துவிட்டால் அந்த நாள்களில் ஒரு பகுதியை மீட்டுவிடலாம். இந்தத் தோட்டத்தில் மீண்டது 22 நாள்.

ஆகவே உழைப்பை ஆளாக எண்ணாமல் நாளாக எண்ண வேண்டும். அது 20 சதவீதம் உயர்ந்திருக்கிறது. அதே 400 மரமும் 20 சதவீதம் கூடுதல் நாள் வேலை செய்திருக்கிறது என்பதால், மூலதனத்தையும் நிற்கும் மரத்தின் எண்ணிக்கையாகக் கொள்ளாமல் அது ஆற்றிய பணியின் அளவாகக் கொண்டால் அதுவும் 20 சதவீதம் உயர்ந்ததாகிறது. இரண்டும் ஒரே அளவில் உயர்ந்திருப்பதால் பங்கு எப்படி இருந்தாலும் உள்ளீட்டின் வளர்ச்சி 20 சதவீதம்தான். எச்சம் 26-லிருந்து 6-க்கு இறங்கிவிட்டது. உண்மையில் அது 6 கூட இல்லை. மாற்றம் பெரிதாக இருக்கும்போது சதவீதங்களைக் கழிப்பது பிழை தரும், 1.26-ஐ 1.20-ஆல் வகுத்தால் வருவது 1.05. பொருளியலாளர்கள் மடக்கையைப் பயன்படுத்துவது இந்தப் பிழையைத் தவிர்க்கத்தான். ஒரு வெட்டு நாளில் ஒரு மரம் தந்த ரப்பர் அன்று 34 கிராம், இன்று ஏறக்குறைய 36 கிராம். எச்சம் என்று நான் பெரிதாக எழுதி வைத்ததில் உண்மையில் மிஞ்சியது இந்த இரண்டு கிராம் மட்டுமே.

பொருளியலாளர் ராபர்ட் சோலோ 1957-இல் வெளியிட்ட கட்டுரையில், 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் விவசாயம் தவிர்த்த துறைகளில் ஒரு மணி நேர உழைப்புக்கான உற்பத்தி ஏறக்குறைய இரட்டிப்பானதையும், அதில் எட்டில் ஏழு பங்கு எச்சத்தில் சேர்ந்ததையும் காட்டினார். ஓராண்டுக்கு முன்பே ஆப்ரமோவிட்ஸ் இத்தகைய எச்சத்தை நம் அறியாமையின் அளவு என்று குறிப்பிட்டிருந்தார். என் கருத்தில் இதைவிடப் பொருத்தமான பெயர் இன்றுவரை அதற்குக் கிடைக்கவில்லை. இயந்திரம் இருப்பது வேறு, ஓடுவது வேறு என்பதைச் சோலோ அறிந்தே இருந்தார். வேலையில்லாத் தொழிலாளர்களின் விகிதம் எவ்வளவோ அவ்வளவு மூலதனமும் சும்மா கிடக்கிறது என்று கொண்டு தன் மூலதனக் கணக்கைக் குறைத்துக்கொண்டார். பத்தாண்டு கழித்து ஜோர்கன்சனும் கிரிலிக்கஸும் உள்ளீடுகளைச் சரியாக அளந்தால் எச்சம் பெரும்பாலும் கரைந்துவிடும் என்று வாதிட்டனர். இயந்திரங்கள் எவ்வளவு ஓடின என்பதற்கு மின் மோட்டார்கள் எடுத்துக்கொண்ட மின்சாரத்தை அவர்கள் அளவுகோலாகக் கொண்டனர். டெனிசன் அந்தத் திருத்தம் மிகையானது என்று எதிர்த்தார், அவர்களும் பின்னர் அதைக் குறைத்துக்கொண்டார்கள். நம் தோட்டத்தில் அந்த மின் மோட்டாரின் இடத்தில் இருப்பது அண்ணனின் வெட்டு நாள் பட்டியல்.

மிஞ்சிய அந்த 5 சதவீதத்துக்கு வருகிறேன். ரப்பர் மரத்தை நட்ட ஏழாம் ஆண்டளவில்தான் வெட்டத் தொடங்குகிறோம். அதன்பின் சில ஆண்டுகள் பால் கூடிக்கொண்டே போகும், பிறகு ஒரு நிலையில் நின்று மெல்லக் குறையும். பழைய கணக்கு எழுதிய ஆண்டில் இந்த மரங்களுக்கு ஒன்பது வயது, சென்ற ஆண்டில் பதின்மூன்று. மரம் முதிர்ந்ததை மூலதனத்தின் தர உயர்வு என்று எடுத்துக்கொண்டால் எச்சம் இன்னும் சுருங்கும். ஆனால் எவ்வளவு சுருங்கும் என்பது, இந்த முறை, பங்கைப் பொறுத்தது. மூலதனத்தின் பங்கு பாதி என்றால், மரத்தின் தரம் 10 சதவீதம் உயர்ந்திருந்தால்தான் அந்த 5 சதவீதம் முழுவதும் அதில் அடங்கும். பங்கு கூடுதல் என்றால் அதைவிடக் குறைந்த தர உயர்வே போதும்.

இங்கேதான் எனக்கு உண்மையான சங்கடம் எழுந்தது. கணக்கீட்டின் அடிப்படை, ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் கிடைக்கும் வருமானம் அதன் கடைசி அலகு உற்பத்தியில் சேர்ப்பதற்குச் சமம் என்பதாகும். அந்த அனுமானத்தின் பேரில்தான் வருமானப் பங்கை எடையாக வைக்கிறோம். ஆனால் சித்தப்பாவும் அண்ணனும் போட்டுக்கொண்ட பாதிப் பங்கு வழக்கத்தாலும் ரப்பர் விலையாலும் வெட்ட ஆள் கிடைக்காத நிலையாலும் முடிவானது. எதைப் பற்றி இருவரும் வழக்காடுகிறார்களோ, அதையே எடையாக வைத்துக்கொண்டு நான் அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பங்கு நியாயமானதா என்ற கேள்விக்கு விடை சொல்ல, பங்கு நியாயமானது என்று முன்கூட்டியே எடுத்துக்கொண்ட கணக்கு உதவாது.

இன்னொரு வரம்பும் உண்டு. கவசம் இல்லாவிட்டால் அந்த 22 நாளும் கிடைத்திருக்காது. அப்படியானால் கவசம் கொண்டுவந்த பலன் கணக்கில் எங்கே? அது உழைப்பின் வளர்ச்சியிலும் மூலதனத்தின் வளர்ச்சியிலும் கரைந்து கிடக்கிறது, எச்சத்தில் அதற்கு இடமே இல்லை. பிளாஸ்டிக்கும் பசையும் இடைநிலைப் பொருள்கள், அவற்றின் செலவைக் கழித்தாலும் இந்தக் குறை தீராது. இந்தக் கணக்கீடு உற்பத்தி எந்த உள்ளீட்டோடு சேர்ந்து உயர்ந்தது என்பதைப் பகுத்துக் காட்டும், அந்த உள்ளீடு ஏன் உயர்ந்தது என்பதைக் காட்டாது. எச்சம் சிறியது என்பதைக் கொண்டு புதிய முறையால் பலனில்லை என்று முடிவு கட்டுகிறவர்களும், எச்சம் பெரியது என்பதைக் கொண்டு எல்லாம் நிர்வாகத் திறமை என்று முடிவு கட்டுகிறவர்களும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள்.

எச்சத்தில் திறன் இருக்கிறதா, அளவுப் பிழை இருக்கிறதா என்பதை ஓரளவு கண்டறியலாம். ஆண்டுதோறும் எச்சத்தைக் குறித்து வந்து மழையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மழை மிகுந்த ஆண்டில் விழுந்து, குறைந்த ஆண்டில் எழுந்தால், வெட்டு நாள் கணக்கில் வரவில்லை என்று பொருள். கற்றுக்கொண்ட முறை மழைக்கு மழை மறந்துபோவதில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் மாவட்டத்தில் ரப்பர் மரங்களை முறித்துப் போட்டது நினைவிருக்கும். ஆண்டுக்கு இவ்வளவு தேய்மானம் என்று நிலையான விகிதத்தில் மூலதனத்தைக் கழித்து வரும் கணக்கு, ஒரே இரவில் விழுந்த மரங்களைக் காணாது. நட்டமான மரங்களும் அதில் மூலதனமாகவே நிற்கும், மறு ஆண்டு உற்பத்தி விழுந்தால் திறன் விழுந்தது என்று அந்தக் கணக்கு காட்டும். மறுதிசையிலும் இது நடக்கும். ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்ட வேண்டிய மரத்தைத் தினமும் வெட்டி, அந்தக் கூடுதல் வெட்டைக் கணக்கில் கொண்டுவராமல் மரத்தை மட்டும் எண்ணினால், எச்சம் அந்த ஆண்டு அழகாக உயரும். உண்மையில் செலவானது அடுத்த ஆண்டுகளுக்கான பட்டை.

இவற்றையெல்லாம் இருவரையும் திண்ணையில் உட்கார வைத்துச் சொன்னேன். 26 சதவீதத்தில் 20 சதவீதம் வெட்டு நாள் கூடியதால் வந்தது, அந்த நாளைக் கவசமும் வெட்டும் சேர்ந்துதான் தந்தன, அதில் யாருக்கு எவ்வளவு என்பதை இந்தக் கணக்கால் பிரிக்க முடியாது, நீங்கள்தான் பேசி முடிக்க வேண்டும் என்றேன். சித்தப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு பங்கு பாதியாகவே இருக்கட்டும் என்றும், கவசத்தின் செலவை இனி இருவரும் பகிர்ந்துகொள்வது என்றும் அவர்களே முடிவு செய்தார்கள். அண்ணன் நோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "அந்த மிச்சமுள்ள அஞ்சு ஆருக்குள்ளது மக்களே?" என்று கேட்டார். மரங்களின் வயதும் அதில் இருக்கிறது, அவர் கையின் பழக்கமும் இருக்கலாம் என்றேன். பக்கத்துத் தோட்டத்தில் இதே வயது மரங்கள் கவசம் இல்லாமல் நிற்கின்றன. அங்கே ஒரு வெட்டு நாளில் ஒரு மரம் எத்தனை கிராம் தருகிறது என்பதை இந்த ஆண்டு முழுவதும் குறித்துத் தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.