மீசை எடுத்தால் பாஸ்போர்ட் முடங்குமா?

“மீசையை எடுத்துவிட்டுப் போனால் தானியங்கி வாயில் பிடித்துவிடும், பாஸ்போர்ட்டையே முடக்கிவிடுவார்கள்.”

மன்னார்குடி ஐயா, விமான நிலையத்தின் தானியங்கி வாயில் திறக்காமல் போகலாம் என்பது வரை சரி. பாஸ்போர்ட் முடங்காது. இ-பாஸ்போர்ட்டின் சிப்பில் பதிந்த படத்தையும் கேமரா அப்போது எடுக்கும் முகத்தையும் ஒப்பிட்டு, ஒற்றுமைக்கு மதிப்பெண் போடுகிறது கணினி. முழு முகத்தையும் பார்ப்பதால் மீசை மட்டும் பெரும்பாலும் தடையாகாது. பழைய படம், சாய்ந்த தலை, மூக்குக்கண்ணாடியில் பட்ட ஒளி ஆகியவையும் மதிப்பெண்ணைக் குறைக்கும். குறைந்தால் அதிகாரியின் கவுண்டருக்கு அனுப்புவார்கள், முடிவு அவருடையது.



ஒப்பிடப்படும் படத்தைப் பார்க்க, இ-பாஸ்போர்ட்டை என்எஃப்சி வசதியுள்ள போனில் சிப் படிக்கும் செயலியால் திறவுங்கள். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி கேட்கும். பிறகு அந்தப் படம் திரையில் வரும்.