பதில் கடிதம் எழுதாத டாக்டருக்குப் பளபளப்பான பக்கம் எதற்கு?

சென்ற வாரம் ஓர் இளம் பல் மருத்துவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். வேர் சிகிச்சையில் மேல்படிப்பை முடித்துத் தனியாகத் தொழில் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. கையில் ஒரு விளம்பர நிறுவனம் கொடுத்த திட்ட அறிக்கை. இணையத்தில் அழகான விவரப் பக்கம், மாதம் இத்தனை பாராட்டு மதிப்புரைகள், சிகிச்சைக்கு முன், பின் படங்கள், "98 சதவீத வெற்றி" என்று பெரிய எழுத்தில் ஒரு வரி. "மேடம், இதெல்லாம் செய்தால் மற்ற டாக்டர்கள் நோயாளிகளை அனுப்புவார்களா?" என்று கேட்டார்.

நான் திருப்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "போன மாதம் உங்களுக்கு நோயாளியை அனுப்பியவர்களுக்குப் பதில் கடிதம் போட்டீர்களா?" அவர் சற்று நேரம் பேசவில்லை. இரண்டு பேருக்கு வாட்ஸ்அப்பில் "முடிந்துவிட்டது, நன்றி" என்று அனுப்பியதாகச் சொன்னார்.

அந்த 98 சதவீதத்தை முதலில் பார்த்துவிடுவோம், எனக்கு அதில்தான் கோபம் அதிகம். வேர் சிகிச்சை வெற்றியா என்பது பல்லை அடைத்த அன்று தெரியாது. வலி போய்விடும், நோயாளி சிரித்துக்கொண்டே போவார், வேர் நுனியில் எலும்பு கரைந்த இடத்தைக் காட்டும் கறுப்பு நிழல் மட்டும் எக்ஸ்ரேயில் அப்படியே இருக்கும். குறைந்தது ஓராண்டு கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில பற்களில் நிழல் மறைய நான்கு ஆண்டுகள்கூட ஆகும். தொழில் தொடங்கி எட்டு மாதமே ஆனவரிடம் ஓராண்டுக் கணக்கு எப்படி வந்தது?

ஓராண்டு கடந்தவர்களிடமும் இந்தக் கணக்கில் ஓட்டை உண்டு. ஒருவர் 200 பேருக்குச் சிகிச்சை செய்தார் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு கழித்து வந்தவர்கள் 50 பேர், அவர்களில் 49 பேருக்குக் குணமாகியிருந்தது. 98 சதவீதம் என்று போட்டுக்கொள்ளலாம். வராத 150 பேர் என்ன ஆனார்கள்? சிலர் நன்றாக இருப்பதால் வரவில்லை, சிலர் வலி தாங்காமல் வேறொருவரிடம் பல்லைப் பிடுங்கிக்கொண்டதால் வரவில்லை. இருவரும் நம் பதிவேட்டில் ஒன்றுபோலவே தெரிவார்கள். எண்ணைப் போட்டே ஆக வேண்டும் என்றால் "200 பேரில் 50 பேர் மறுபரிசோதனைக்கு வந்தார்கள், அவர்களில் 49 பேருக்கு எக்ஸ்ரேயில் குணம் தெரிந்தது" என்று முழுதாகப் போட வேண்டும். அப்படி எழுதியிருக்கும் பக்கத்தை ஒரு சக மருத்துவர் படித்தால் அந்த ஆளை உடனே நம்புவார், ஏனென்றால் கணக்குத் தெரிந்தவன்தான் அப்படி எழுதுவான். விளம்பர நிறுவனம் ஒத்துக்கொள்ளாது, அது வேறு விஷயம்.

இனி பதில் கடிதம். நேரடியாக ஒரு நிகழ்ச்சியையே சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நடுவயதுப் பெண்மணி. மேல் கடைவாயின் முதல் பெரிய பல்லில் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வேர் சிகிச்சை செய்து கேப் போட்டிருந்தார்கள். இப்போது கடித்தால் வலி. அந்தச் சிகிச்சையைச் செய்த பொதுப் பல் மருத்துவரே எனக்கு அனுப்பியிருந்தார். எக்ஸ்ரேயில் முன்புற வேரின் நுனியைச் சுற்றி நிழல். முப்பரிமாண ஸ்கேனில் காரணம் தெரிந்தது. அந்த வேருக்குள் நரம்பு ஓடும் கால்வாய்கள் இரண்டு, ஒன்று மட்டுமே அடைக்கப்பட்டிருந்தது. இந்தப் பல்லில் அந்த இரண்டாவது கால்வாய் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருக்கும். முதல் கால்வாய்க்குச் சற்று அண்ணத்தின் பக்கமாக, பல்லின் உள் மேடு ஒன்றின் அடியில் ஒளிந்திருக்கும். நுண்ணோக்கி இல்லாமல் தேடினால் தவறிப்போவது சாதாரணம். நானும் தவறவிட்டிருக்கிறேன்.

ஸ்கேனைத் திரையில் பார்த்ததும் அந்த அம்மா கேட்டார்: "அப்படியென்றால் முன்பு பார்த்த டாக்டர் தவறு செய்துவிட்டாரா, டாக்டர்?"

நம் பெயர் உருவாவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். "ஆமாம்" என்று உதட்டைப் பிதுக்கினால் அந்த நொடியில் நான் பெரிய ஆளாகிவிடுவேன். அவர் ஊரெல்லாம் என் பெயரைச் சொல்வார். அனுப்பிய மருத்துவர் மறுபடி ஒருவரையும் எனக்கு அனுப்பமாட்டார், அனுப்பவும் கூடாது. "இல்லை, இல்லை, எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறார்" என்று மூடி மறைப்பதும் பொய். தன் வாயில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அந்த அம்மாவுக்கு இருக்கிறது. சக மருத்துவருக்கு நான் காட்டும் மரியாதையை அந்த அம்மாவின் செலவில் காட்டக் கூடாது.

நான் சொன்னது இதுதான்: "இந்த வேரில் இன்னொரு கால்வாய் இருக்கிறது. அது அடைபடவில்லை. அங்கே தங்கிய கிருமிதான் வலிக்குக் காரணம் என்று நினைக்கிறேன். அது கண்ணுக்கு எளிதில் தெரியாத இடம், சாதாரண எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியாது. அன்று அவருக்கு என்ன தெரிந்தது என்பதை நான் அங்கே இருந்து பார்க்கவில்லை. அவரிடம் நீங்கள் தாராளமாகக் கேட்கலாம், நானும் எழுதி அனுப்புகிறேன்." கண்டதை முழுதாகச் சொன்னேன். காணாததைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை.

சிகிச்சை முடிந்ததும் எழுதிய கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. எந்தப் பல், என்ன கண்டேன், ஸ்கேன் படம் இணைப்பு, எந்தக் கால்வாயைத் திறந்து எவ்வளவு நீளம் வரை சுத்தம் செய்து அடைத்தேன், தற்காலிக அடைப்பு என்ன, அதை எத்தனை நாளுக்குள் மாற்றி நிரந்தரமாக மூடி கேப் போட வேண்டும், குணமாகாமல் போகும் வாய்ப்பு எங்கே இருக்கிறது, மறுபரிசோதனை எந்த மாதம். கடைசியில் ஒரு வரி: "நோயாளி காரணத்தைக் கேட்டார், அவரிடம் இன்ன வார்த்தைகளில் சொன்னேன்." இந்த வரியைப் பலர் எழுதுவதில்லை. நாளை அந்த அம்மா தன் பழைய டாக்டரிடம் போய் நின்று கேட்கும்போது அவர் திடுக்கிடாமல் பதில் சொல்ல உதவுவது அந்த வரிதான். கடிதத்தின் ஒரு பிரதியை நோயாளிக்கும் கொடுத்துவிடுவேன். அவர் படிக்கக் கூடாத ஏதாவது அதில் இருந்தால் கடிதமே சரியில்லை என்று பொருள்.

அந்த அம்மா கேப்பையும் என்னிடமே போட்டுக்கொள்கிறேன் என்றார். பக்கத்துப் பல்லில் ஒரு சொத்தையும் இருந்தது. கடிதத்தில் அதைக் குறிப்பிட்டு, இரண்டு வேலைக்கும் அனுப்பியவரிடமே திரும்பப் போகச் சொன்னேன். யாரிடம் போவது என்பது நோயாளியின் விருப்பம், அதை நான் பறிக்க முடியாது. அவர் பிடிவாதமாக மறுத்திருந்தால் அனுப்பியவரிடம் பேசிவிட்டுச் செய்திருப்பேன். கேட்காமலே நானாகத் தூண்டில் போடுவதுதான் அசிங்கம்.

அதைவிட அசிங்கம் ஒன்று உண்டு, அனுப்புகிறவருக்குக் கமிஷன். உலக மருத்துவச் சங்கம் 1949இல் ஏற்றுக்கொண்ட பன்னாட்டு நெறிமுறையிலேயே, நோயாளிக்குச் செய்த சேவையின் பேரில் முறையான கட்டணம் தவிர வேறு பணம் பெறுவது நெறியல்ல என்று இருக்கிறது. நோயாளிக்குத் தெரிந்திருந்தாலும் கூடாது என்றே அதில் சொல்லியிருந்தார்கள். காரணம் எளிது. பணம் வாங்கி அனுப்பப்பட்ட நோயாளியிடம் "இந்தப் பல்லுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று சொல்ல வாய் வராது. வேர் நெடுக விரிசல் விட்ட பல்லைப் பாருங்கள். ஈறு முழுக்கச் சரியாக இருக்கும், ஒரே ஓர் இடத்தில் மட்டும், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழம் பார்க்கும் மெல்லிய அளவுகோல் குறுகலாகவும் ஆழமாகவும் இறங்கும். அப்படிப்பட்ட பல்லைப் பொதுவாகக் காப்பாற்ற முடியாது. நேர்மையானவர் அதை எழுதி, ஆலோசனைக் கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்புவார். கமிஷன் கொடுத்தவர் சிகிச்சை செய்து பார்ப்பார். எனக்குத் தொடர்ந்து நோயாளிகளை அனுப்பும் மருத்துவர்களில் பாதிப் பேர், நான் "வேண்டாம்" என்று எழுதிய கடிதத்துக்குப் பிறகு சேர்ந்தவர்கள்.

இணையப் பக்கமே வேண்டாம் என்று சொல்லவில்லை. படித்த பட்டம், பதிவு எண், எதைச் செய்வேன், எதைச் செய்யமாட்டேன், அனுப்புகிறவருக்கு எத்தனை நாளில் பதில் வரும். இவ்வளவு போதும். நோயாளியின் படத்தைப் போடுவதாக இருந்தால் சிகிச்சைக்கான சம்மதமும் படத்துக்கான சம்மதமும் தனித்தனிக் காகிதம். வாயைத் திறந்து நாற்காலியில் சாய்ந்திருப்பவரிடம் கேட்டு வாங்குவது சம்மதமே இல்லை. மறுத்தாலும் சிகிச்சை மாறாது என்று சொல்லி, எழுந்து உட்கார்ந்த பிறகு கேட்க வேண்டும்.

கடுமையான மதிப்புரை வந்தால் கை துறுதுறுக்கும். அமெரிக்காவில் ஒரு பல் மருத்துவமனை இப்படித்தான் ஒரு மதிப்புரைக்குப் பதில் எழுதும்போது நோயாளியின் பெயரையும் சிகிச்சை விவரத்தையும் சேர்த்து எழுதிவிட்டது. 2019இல் 10,000 டாலர் கட்டித்தான் அந்த வழக்கை முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "இவர் என் நோயாளி" என்று ஒப்புக்கொள்வதே ரகசியத்தை உடைப்பதுதான். உண்மை முழுக்க நம் பக்கம் இருந்தாலும், "சிகிச்சை குறித்துப் பொதுவெளியில் பேசுவதில்லை, குறை இருந்தால் நேரில் தொடர்புகொள்ளுங்கள்" என்பதற்கு மேல் ஒரு சொல் எழுதக் கூடாது. அநியாயமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த அம்மாவை அனுப்பிய மருத்துவரிடமிருந்து என் கடிதத்துக்கு இரண்டு வாரம் பதில் இல்லை. சரி, மனம் புண்பட்டுவிட்டது, ஓர் ஆளை இழந்தோம் என்றே நினைத்தேன். மூன்றாவது வாரம் தொலைபேசியில் அழைத்தார். "அந்தக் கால்வாய் எந்த இடத்தில் இருந்தது என்று நுண்ணோக்கியில் காட்ட முடியுமா?" என்று கேட்டார். விடுமுறை நாள் ஒன்றில் வந்தார். நோயாளிகளுக்குப் பிடுங்கிய மேல் கடைவாய்ப் பற்கள் ஆறை ஒரு சிறு பாட்டிலில் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றாக இருவரும் திறந்து தேடினோம். நான்கில் கிடைத்தது. ஐந்தாவதில் எனக்குத் தெரியவில்லை, அவர்தான் கண்டுபிடித்தார்.