எல்லை 2 என்று கிடைத்தால் மட்டும் போதாது

ஒரு தொடர்வரிசை குவிகிறது என்று நிறுவ நீங்கள் எழுதியது: “a₁ = 1, aₙ₊₁ = √(2 + aₙ). L = √(2 + L) என்று போட்டால் L = 2. குவிகிறது, முடிந்தது.”

முடியவில்லை. எல்லை இருந்தால் அது 2, அவ்வளவுதான் இதில் தெரிகிறது. இதே வழியை aₙ₊₁ = 2aₙ + 1-க்குப் போட்டுப் பாருங்கள்: L = −1 வரும். ஆனால் 1-இல் தொடங்கினால் தொடர்வரிசை 1, 3, 7, 15 என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

முதலில் வரம்பு. aₙ < 2 என்றால் aₙ₊₁ < √4 = 2. a₁ = 1 என்பதால் எல்லா உறுப்புகளும் 2-க்குக் கீழேதான். அப்புறம் ஏறுமுகம்:

aₙ₊₁² − aₙ² = 2 + aₙ − aₙ² = (2 − aₙ)(1 + aₙ) > 0

உறுப்புகள் எல்லாம் மிகை எண்கள், ஆக aₙ₊₁ > aₙ. ஏறுமுகம், மேல்வரம்பு இரண்டும் இருப்பதால் இப்போதுதான் எல்லை உண்டு என்று சொல்லலாம். உங்கள் சமன்பாடு அதன்பிறகு வரட்டும்.

இதே கணக்கில் இன்னொருவர் 2-க்குப் பதிலாக 3-ஐ மேல்வரம்பாக எடுத்தது தப்பில்லை, aₙ < 3 என்றால் aₙ₊₁ < √5 < 3 தானே. ஆனால் அதை வைத்து (2 − aₙ) மிகை என்று சொல்ல முடியாது. 3-தான் வேண்டுமென்றால் ஏறுமுகத்தைத் தனியாக, a₂ = √3 > a₁ என்று தொடங்கித் தொகுத்தறிதலால் காட்டுங்கள். a₁ = 5 என்று தொடங்கினால் என்ன ஆகும் என்று கேட்டவருக்கு: அங்கே வரிசை இறங்கும், கீழ்வரம்பு தேடுங்கள்.