"செரட்டோனின் குறைந்துவிட்டது" என்று இனியும் சொல்லாதீர்கள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் மருந்து கொடுக்கும் மேசைக்குப் பின்னால் நிற்பவள் நான். மனச்சோர்வுக்கு முதன்முறையாக மாத்திரை எழுதப்பட்டு வருகிறவர்களிடம் "மூளையில் செரட்டோனின் என்ற இரசாயனம் குறைந்துவிட்டது, இந்த மாத்திரை அதை நிரப்பும்" என்று சொல்லி அனுப்பும் வழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அந்த விளக்கம் நோயாளியைக் குற்றம் சொல்வதில்லை. ஒரு நிமிடத்தில் சொல்லியும் முடித்துவிடலாம். அதனால்தான் அது நிலைத்துவிட்டது. ஆனாலும் அதை நாம் கைவிட வேண்டும். மாத்திரையைக் கைவிடச் சொல்லவில்லை, கதையைத்தான் சொல்கிறேன்.

படுவான்கரைப் பக்கத்திலிருந்து மச்சாளோடு வந்த ஓர் அக்காவின் கதையைச் சொன்னால் விளங்கும். அவருக்கு செர்ட்ரலின் 50 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. முதல் வாரத்தில் குமட்டல், வயிற்றோட்டம், இரவில் தூக்கமின்மை, காரணமில்லாத படபடப்பு. பத்தாம் நாள் நிறுத்திவிட்டார். "தங்கச்சி, குறைந்ததை நிரப்பும் என்றார்கள். பத்து நாள் விழுங்கியும் ஒன்றும் நிரம்பவில்லை. எனக்கு வந்திருப்பது வேறு வருத்தம்" என்றார்.

அவருடைய தர்க்கத்தில் ஒரு பிழையும் இல்லை. பிழை நாம் கொடுத்த விளக்கத்தில் இருந்தது. செர்ட்ரலின், ஃபுளுவொக்செட்டின் போன்ற மருந்துகள், நரம்புக் கலம் வெளியிட்ட செரட்டோனினை அது திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் வழியை அடைக்கின்றன. அந்த அடைப்பு முதல் மாத்திரைக்குப் பின் சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. வழக்கமான அளவில் அந்த வழிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் அடைபடுவதை மூளையைப் படம் பிடித்தே காட்டியிருக்கிறார்கள். குறைவுதான் நோய் என்றால் அன்றிரவோ மறுநாளோ மனம் தெளிந்திருக்க வேண்டும். தெளிய வாரங்கள் ஆகின்றன. இந்தத் தாமதம் ஒன்றே "குறைவு" என்ற விளக்கத்தை உலுக்கப் போதுமானது.

அந்த விளக்கம் பிறந்த விதத்தையும் பாருங்கள். 1952இல் அமெரிக்காவில் காசநோய்க்குக் கொடுத்துப் பார்த்த இப்ரோனியசிட் என்ற மருந்து நோயாளிகளை உற்சாகமாக்கியது. செரட்டோனின், நோரட்ரினலின் போன்ற மோனோஅமைன்கள் என்ற மூளை இரசாயனங்களைச் சிதைக்கும் நொதியை அது தடுப்பது தெரிந்தது. சில ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன், இமிப்பிரமின் என்ற மூவளைய மருந்து மனச்சோர்வுக்குப் பலன் தருவதைக் கண்டார். நம் கிளினிக்குகளில் இன்றும் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலின் அந்த மூவளைய மருந்துகளின் குடும்பம்தான். மறுபக்கம், சர்ப்பகந்தி மூலிகையிலிருந்து எடுத்த ரெசர்ப்பின் என்ற மருந்து மோனோஅமைன்களைக் குறைத்தது. இரத்த அழுத்தத்திற்காக அதை எடுத்த சிலர் சோர்ந்துபோனார்கள். இவற்றையெல்லாம் சேர்த்து 1965இல் ஜோசப் ஷில்ட்கிராட் நோரட்ரினலினை முன்வைத்து ஒரு கருதுகோளை எழுதினார். பின்னர் செரட்டோனின் முன்னுக்கு வந்தது. மருந்து எதைக் கூட்டுகிறதோ அதன் குறைவே நோயாக இருக்க வேண்டும் என்று பின்னோக்கி ஊகித்தார்கள். அன்றைய நிலையில் அது நியாயமான ஊகம். ஆனால் ஊகமாகவே அது இருந்திருக்க வேண்டும்.

எதிர்ச்சான்றும் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. 1955இலேயே டேவிஸ், ஷெப்பர்ட் இருவரும் பதற்றமும் சோர்வும் உள்ளவர்களுக்கு ரெசர்ப்பினைக் கொடுத்துச் சோதித்தபோது அவர்கள் மோசமாகவில்லை, தேறினார்கள். செரட்டோனின் உண்டாகத் தேவையான டிரிப்டோஃபானை உணவில் தடுத்தால், செரட்டோனின் மருந்தால் குணமடைந்தவர்களில் பலருக்குச் சோர்வு திரும்புகிறது. நலமாக உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆக, செரட்டோனினுக்கு இதில் எந்தப் பங்குமில்லை என்றும் சொல்ல முடியாது, அதன் குறைவே நோய் என்றும் சொல்ல முடியாது.

பிறகு ஏன் தாமதம்? ஒரு விளக்கம்: செரட்டோனின் கலங்களுக்கு அதை அளந்து பார்க்கும் உணரிகள் உண்டு. அளவு ஏறியதும் அவை கலத்தை அடக்குகின்றன. சில வாரங்களில் உணரிகள் மழுங்கிய பிறகே மருந்தின் முழு விளைவு வெளிப்படுகிறது. அப்படியானால் உணரியை பிண்டொலொல் என்ற மருந்தால் தடுத்தால் பலன் விரைவாக வர வேண்டுமே என்று சோதித்தார்கள். முடிவுகள் ஒன்றுபோல் வரவில்லை.

எனக்கு அதிகம் பிடித்த விளக்கம் ஒக்ஸ்ஃபோர்டில் கேத்தரின் ஹார்மர் குழுவினர் முன்வைத்தது. மனநிலை மாறும் முன்பே, மருந்து எடுத்தவர் பிறர் முகத்திலுள்ள மகிழ்ச்சியைக் கூடுதலாக அடையாளம் காண்கிறார், நல்ல சொற்களைக் கூடுதலாக நினைவில் வைத்துக்கொள்கிறார். பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டால் "என்னைக் குறை சொல்லத்தான் கூப்பிடுகிறாள்" என்று எண்ணும் மனம், "தேநீருக்குக் கூப்பிடுகிறாள்" என்று எண்ணத் தொடங்குகிறது. அப்படிப் பல சின்னச் சம்பவங்கள் சேர்ந்த பிறகே மனநிலை உயர்கிறது. இதுவும் முடிந்த முடிவல்ல. ஆனால் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடப்பவருக்கு ஏன் பலன் மெதுவாக வரக்கூடும் என்பதற்கு இதில் ஒரு காரணமாவது கிடைக்கிறது.

அந்த அக்காவுக்கு வைத்தியர் மீண்டும் 25 மில்லிகிராமில் தொடங்கினார், காலையில் சாப்பிட்ட பின். ஒரு வாரம் கழித்து 50. "முதலில் வயிறுதான் சொல்லும், மனம் பிறகுதான் சொல்லும். குமட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும்" என்று நான் சொன்னேன். மச்சாளிடம், "இவர் சொல்லும் முன் நீங்கள் காண்பீர்கள். தானாகக் குளிக்கிறாரா, கேட்டதற்குப் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள்" என்றேன். மூன்றாம் வாரத்தில் மச்சாள்தான் முதலில் வந்து சொன்னார்: "அடுப்படிக்கு வருகிறார்." அக்காவோ இன்னும் ஒன்றும் மாறவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த கிளினிக்கில்தான், காலையில் விழிக்கும்போது நெஞ்சு கனக்கவில்லை என்றார்.

பொறுத்திருக்கச் சொல்வதற்கும் ஓர் எல்லை வேண்டும். தேறுகிறவர்களில் பலருக்கு முதல் இரண்டு வாரத்திலேயே சிறு அசைவு தெரிகிறது. சரியான அளவில் நான்கு வாரம் ஒழுங்காக எடுத்தும் துளி மாற்றமும் இல்லை என்றால் அளவையோ மருந்தையோ மாற்றுவது பற்றி வைத்தியரிடம் பேச வேண்டும். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதல் வாரங்களில் அமைதியின்மையும் சாக வேண்டும் என்ற எண்ணமும் கூடலாம். கூடினால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றே கூட்டிவர வேண்டும். அமிட்ரிப்டிலின் அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும். அதை வீட்டார் தங்கள் பொறுப்பில் வைத்துக் கொடுக்க வேண்டும்.

2022இல் ஜொவானா மொன்கிரிஃப் குழுவினர், செரட்டோனின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று எழுதியபோது, "மாத்திரையே பொய்" என்று இங்கே பலர் பகிர்ந்தார்கள். அதைப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. 2018இல் சிப்ரியானி குழுவினர் 522 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் 21 மனச்சோர்வு மருந்துகளும் வெற்று மாத்திரையை விட மேலாக இருந்தன. சராசரி வித்தியாசம் பெரிதல்ல, ஆனால் இருக்கிறது. ஒரு மருந்து எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம் தவறாகப் போனதால் அது வேலை செய்வது பொய்யாகிவிடாது.

"குறைவு" என்ற கதை இன்னொரு முனையிலும் கெடுக்கிறது. மாரிகாலத்தில் வெள்ளம் பாதையை மூடினால் கிளினிக் தவறுகிறது, மாத்திரை தீர்ந்துபோகிறது. வென்லாஃபக்சின் எடுப்பவருக்கு ஓரிரு நாளில் தலைச்சுற்றும், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வும் வரும். "குறைவு திரும்பிவிட்டது, சாகும்வரை இது வேண்டும்" என்று அவர் முடிவுகட்டிவிடுகிறார். அது பெரும்பாலும் மருந்தைத் திடீரென நிறுத்தியதன் விளைவு. நிறுத்திய சில நாட்களுக்குள் வரும், மருந்தை மீண்டும் தொடங்கினால் விரைவில் அடங்கும். நோய் திரும்புவதென்றால் வழக்கமாக வாரக்கணக்கில் மெல்ல ஏறும், மின்சார அதிர்வும் இராது. உடம்பில் நீண்ட நாள் தங்கும் ஃபுளுவொக்செட்டினில் இந்தத் தொல்லை குறைவு. ஆகவே கார்த்திகை பிறக்கும் முன், வெள்ளத்தில் துண்டிக்கப்படும் ஊர்களிலிருந்து வருகிறவர்கள் கிளினிக் கொப்பியைக் காட்டி, பாதை மூடினால் என்ன செய்வது, கூடுதலாக இரண்டு வார மருந்து தர முடியுமா என்று வைத்தியரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.