மூன்றாம் மாடி மட்டும் ஏன் வேகுது?

"எங்கள் கட்டட முற்றத்தில் கீழேயும் மேலேயும் 4 சதுர மீட்டர் திறப்பு. மூன்றாம் மாடி மட்டும் ஏன் வேகுது?"

உங்கள் முற்றத்தில் இரண்டு திறப்புக்கும் இடையே 15 மீட்டர் உயரம். உள்ளே 3 டிகிரி கூடுதல் சூடு என்றால் நொடிக்கு ஏறக்குறைய 2.9 கனமீட்டர் காற்று ஏறும். 10 கிலோவாட் வெப்பம் வெளியேறும். மோசமில்லை. ஆனால் திறப்புகள் சமமாக இருப்பதால் உள்ளும் புறமும் அழுத்தம் ஒன்றாகும் மட்டம் சரிபாதியில், 7.5 மீட்டரில் நிற்கிறது. மூன்றாம் மாடி 10 மீட்டரில் இருக்கிறது. அங்கே முற்றத்துச் சூடான காற்றுதான் அறைக்குள் புகுந்து வெளி ஜன்னல் வழியே போகும். நம்பாவிட்டால் ஜன்னலருகே ஊதுபத்தி பிடித்துப் பாருங்கள், புகை வெளியே இழுக்கும்.

மேல் திறப்பை 8 ஆக்குங்கள். அந்த மட்டம் 12 மீட்டருக்கு ஏறிவிடும், மூன்றாம் மாடி அதற்குக் கீழே வந்துவிடுவதால் அங்கே வெளிக்காற்று உள்ளே வரும். கீழ்த் திறப்பை 8 ஆக்கினாலும் காற்றோட்டம் அதே அளவு கூடும், ஆனால் மட்டம் 3 மீட்டருக்கு இறங்கி இரண்டாம் மாடியும் வேகும். எங்கள் அலுவலகத்தில் இந்தத் தப்பைத்தான் செய்தார்கள்!

அப்புறம், வெளி வெப்பநிலையின் சராசரி 28 டிகிரி என்றால், கட்டடத்துக்குள் எவ்வளவு சூடு வசதி என்று சொல்லும் ஆஷ்ரே 55 தரநிலைக் கணக்கில் உள்ளே தாங்கக்கூடிய உச்சம் 30. மதியம் வெளியே 36 அடிக்கும்போது எந்தத் திறப்பும் உதவாது. பகலில் மூடி, இரவில் திறங்கள்.